ஏவலாளின் பிழையும் முதலாளியின் பொறுப்பும்

இணுவிலூடாகச் செல்லும் காங்கேசன்துறை வீதியில், ஒரு நிறுவனத்தின் லொறி ஒருவரை மோதிவிட்டால், நட்டஈடு கொடுக்கவேண்டியவர் சாரதி மட்டுமா, அவரை ஏவிய முதலாளியுமா? முதுசத்துக்கும் சீதனத்துக்கும் தேசவழமையை நாடும் யாழ்ப்பாணத்தவரும், இவ்வினாவுக்கு உரோமன் டச்சுச் சட்டத்தையே நாடவேண்டும்.

அச்சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில் 1945இல் தீர்ந்த பெல்ட்மன் வழக்கு இதனை நன்கு விளக்கும். நிறுவனமொன்றின் சாரதி, பொதிகளை உரியவரிடம் சேர்ப்பித்தபின், வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவராது சொந்த அலுவலாகச் சென்றான், மதுவும் அருந்தினான். திரும்பும் வழியில் அவன் விளைத்த விபத்தில் ஒருவர் இறந்தார். அவருடைய இரு சிறு பிள்ளைகளுக்காக நட்டஈடு கோரப்பட்டது.

சாரதி தன் அலுவலாகச் சென்றமையால் தாம் பொறுப்பல்லர் என்றது நிறுவனம். மேன்முறையீட்டு நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் அதனை ஏற்றிலர். வண்டியைப் பேணித் திருப்பிக் கொணர்வதும் அவன் வேலையே. வழிவிலகியபோதும் அதனை அவன் முற்றாகக் கைவிடவில்லை. தம் ஆதாயத்துக்காக வண்டியைப் பிறர் கையில் ஒப்படைப்பவர், அதனால் விளையும் ஆபத்தையும் ஏற்றல்வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

ஆயினும் இதற்கு எல்லையுண்டு. சாரதி தன் வேலையை முற்றாகத் துறந்திருப்பின் முதலாளி தப்புவார். துறந்தானா, சற்றே விலகினானா என்பதை, விலகிய தூரத்தையும் நேரத்தையும் சீர்தூக்கியே நீதிமன்றம் தீர்மானிக்கும்.