காலநிலை வரைபடமும் கோப்பெனின் எல்லைகளும்

காலநிலை வரைபடம் (கிளைமோகிராஃப்) என்பது ஓர் இடத்தின் பன்னிரண்டு மாதச் சராசரி வெப்பநிலையையும் மழையளவையும் ஒரே சட்டத்தில் காட்டும் படமாகும். வெப்பநிலை ஒரு கோடாகவும் மழை பன்னிரண்டு பட்டைகளாகவும் வரையப்படும். இப்படத்திலிருந்து ஓர் ஊரின் காலநிலை வகையைக் கண்டறியப் பெரிதும் பயன்படுவது, ஜெர்மனியில் பணியாற்றிய அறிஞர் விளாதிமிர் கோப்பென் (1846–1940) உருவாக்கிய பகுப்பு முறையாகும். இம்முறை 18 பாகை, 10 பாகை, 60 மி.மீ. போன்ற சில எண்களை எல்லைகளாகக் கொண்டது. அவ்வெண்களில் முதன்மையானவை தாவரங்களின் பரவலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

## எல்லைகளின் தோற்றம்

கோப்பென் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இளமையில் கிரிமியாவில் வாழ்ந்தார். கிரிமியாவுக்கும் புனித பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே பயணம் செய்தபோது, வழியெங்கும் மரஞ்செடிகள் மாறிக்கொண்டே வருவதைக் கண்டார். வெப்பத்திற்கும் தாவரத்திற்கும் உள்ள தொடர்பில் அவருக்கு ஆர்வம் பிறந்தது இவ்வாறே. 1875 முதல் ஹாம்பர்க் நகரிலிருந்த ஜெர்மன் கடல்சார் ஆய்வகத்தில் வானிலையாளராகப் பணியாற்றினார்.

1874இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் அல்போன்ஸ் டி கண்டோல், உலகத் தாவரங்களை வெப்பத் தேவை, நீர்த் தேவை ஆகியவற்றின்படி ஐந்து கூட்டங்களாகப் பிரித்தார். மிகு வெப்பமும் ஈரமும் வேண்டுபவை, வறட்சியைத் தாங்குபவை, மித வெப்பத்தில் வாழ்பவை, குளிர்ந்த நாடுகளில் வாழ்பவை, துருவப் பகுதியில் வாழ்பவை என்பன அவை. கோப்பெனின் A, B, C, D, E என்னும் ஐந்து பெரும்பிரிவுகளும் இதே வரிசையில் அமைந்தவை.

1884இல் கோப்பென் வெப்ப மண்டலங்களைக் காட்டும் நிலப்படம் ஒன்றை வெளியிட்டார். 1900இல் தாவரக் கூட்டங்களை அடிப்படையாகக் கொண்ட பகுப்பையும், 1918இல் அதன் திருத்திய வடிவத்தையும், 1936இல் இறுதி வடிவத்தையும் வெளியிட்டார். அவர் மறைந்தபின் ருடோல்ஃப் கைகர் இதைப் புதுப்பித்ததால், இது கோப்பென்–கைகர் பகுப்பு என்றும் வழங்குகிறது.

அக்காலத்தில் உலகின் பெரும்பகுதியில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவு. ஆனால் எந்த நிலத்தில் என்ன வளர்கிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தது. ஆகவே தாவரம் மாறும் இடங்களைப் பார்த்து, அங்கு வெப்பநிலை எவ்வளவு இருக்கிறது என்று கோப்பென் தேடினார். மிகவும் வெப்பமான மாதத்தின் சராசரி 10 பாகை செல்சியசை எட்டாத இடங்களில் மரங்கள் வளர்வதில்லை. அது E பிரிவின் எல்லையாயிற்று. மிகக் குளிர்ந்த மாதமும் 18 பாகைக்குக் குறையாத இடங்கள் வெப்பமண்டலத் தாவரங்களின் இருப்பிடம். அது A பிரிவு. குளிர்காலத்தில் பனி நிலைத்துக் கிடக்கும் நாடுகளுக்கு எல்லையாக −3 பாகையை வைத்தார்; அதற்கு மேல் C, கீழே D. பிற்காலத்தில் அமெரிக்கப் புவியியலாளர் சிலர் −3 பாகைக்குப் பதிலாக 0 பாகையைக் கொண்டனர். இரு வழக்கங்களும் இன்றும் நூல்களில் உள்ளன. இதனால் ஒரே நகரம் ஒரு நூலில் C என்றும் மற்றொன்றில் D என்றும் குறிக்கப்படுவதுண்டு.

## வறட்சியின் எல்லை

B பிரிவு மற்ற நான்கிலிருந்தும் வேறுபட்டது. மற்றவை வெப்பத்தால் பிரிக்கப்படுகின்றன. இது வறட்சியால் பிரிக்கப்படுகிறது. ஒரே அளவு மழை குளிர் நாட்டில் காட்டை வளர்க்கலாம். வெப்ப நாட்டில் அது விரைவில் ஆவியாகிப் புல்வெளிக்கே போதுமானதாக இருக்கலாம். எனவே வறட்சியின் எல்லை ஒரே எண்ணாக இருக்க முடியாது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உயர உயர எல்லையும் உயரும். கோடையில் பெய்யும் மழை அதிகம் ஆவியாவதால், மழை எப்பருவத்தில் பெய்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

T என்பது ஆண்டுச் சராசரி வெப்பநிலை (பாகை செல்சியஸ்) என்றால், எல்லை மி.மீ. அளவில் இவ்வாறு அமையும்:

```
20T         70% மழை குளிர் அரையாண்டில்
20T + 280   70% மழை கோடை அரையாண்டில்
20T + 140   இரண்டும் இல்லையெனில்
```

வட அரைக்கோளத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கோடை அரையாண்டு. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழாகும். ஆண்டு மழை இவ்வெல்லைக்குக் குறைந்தால் அவ்விடம் B பிரிவைச் சேரும். எல்லையில் பாதியையும் எட்டாவிட்டால் அது பாலைவனம் (BW). பாதியைத் தாண்டினால் வறள் புல்வெளி (BS). சில நூல்கள் இச்சூத்திரத்தைச் செ.மீ. அளவில் 2T, 2T + 28, 2T + 14 என்று தரும். அலகைக் கவனியாமல் மி.மீ. மழையை அதனுடன் ஒப்பிட்டால், பல பாலைவனங்கள் ஈரநிலமாகத் தோன்றும்.

மாணவர்கள் பரவலாகச் செய்யும் பிழை, வெப்பநிலைக் கோட்டை முதலில் பார்த்து A என்றோ C என்றோ எழுதிவிடுவது. E பிரிவு இல்லை என்று உறுதியானதும், முதலில் சோதிக்க வேண்டியது B பிரிவையே.

## வால்ட்டரின் வரைபடம்

பல நூல்களில் மழை, வெப்பநிலை ஆகிய இரு அச்சுகளின் அளவுகள் படத்திற்குப் படம் மாறுகின்றன. அத்தகைய படத்தில் கோடு பட்டைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. இரு அச்சுகளின் எண்களையும் தனித்தனியே வாசிக்க வேண்டும்.

1953இல் பிரெஞ்சு அறிஞர்கள் பான்யூல், கோசன் ஆகியோர், ஒரு மாத மழையின் மி.மீ. அளவு அம்மாத வெப்பநிலையின் இருமடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம் என்றனர். ஜெர்மன் அறிஞர்கள் ஹைன்ரிக் வால்ட்டர், ஹெல்முட் லீத் ஆகியோர் 1960களில் வெளியிட்ட உலகக் காலநிலை வரைபடத் தொகுப்பு இவ்விதியைப் பின்பற்றியது. அவர்களின் படங்களில் 10 பாகையும் 20 மி.மீ. மழையும் ஒரே உயரத்தில் குறிக்கப்படும். அதனால் மழைக்கோடு வெப்பக்கோட்டிற்குக் கீழே இறங்கும் மாதங்கள் அனைத்தும் வறண்டவை என்று பார்த்தவுடன் தெரியும்.

## சென்னையின் வரைபடம்

சென்னை நுங்கம்பாக்கத்தின் 1991–2020 காலச் சராசரிகளை ஒட்டிய எண்கள், முழு எண்ணாகச் சுருக்கி, கீழே தரப்பட்டுள்ளன.

| மாதம் | வெப்பநிலை (பாகை) | மழை (மி.மீ.) |
|---|---|---|
| ஜனவரி | 25 | 20 |
| பிப்ரவரி | 26 | 5 |
| மார்ச் | 28 | 3 |
| ஏப்ரல் | 31 | 18 |
| மே | 33 | 50 |
| ஜூன் | 32 | 75 |
| ஜூலை | 31 | 113 |
| ஆகஸ்ட் | 30 | 141 |
| செப்டம்பர் | 30 | 144 |
| அக்டோபர் | 28 | 278 |
| நவம்பர் | 27 | 377 |
| டிசம்பர் | 25 | 184 |

முதலில் வறட்சிச் சோதனை. ஆண்டு மழை 1,408 மி.மீ.; ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28.8 பாகை. அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை 867 மி.மீ., அதாவது ஏறத்தாழ 62 விழுக்காடு. இது 70ஐ எட்டவில்லை. கோடை அரையாண்டின் பங்கும் எட்டவில்லை. ஆகவே எல்லை 20 × 28.8 + 140 = 716 மி.மீ. சென்னையின் மழை இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்பதால் அது B பிரிவில் சேராது.

அடுத்து வெப்பநிலை. மிகக் குளிர்ந்த மாதமும் 25 பாகை. 18ஐத் தாண்டுவதால் பெரும்பிரிவு A. இனி உட்பிரிவு. எல்லா மாதங்களிலும் 60 மி.மீ. மழை இருந்தால் Af, அதாவது மழைக்காட்டுக் காலநிலை. சென்னையில் மார்ச்சில் 3 மி.மீ. மட்டுமே என்பதால் அது பொருந்தாது. மிக வறண்ட மாதத்தின் மழை, 100 − (ஆண்டு மழை ÷ 25) என்னும் எண்ணை எட்டினால் Am, அதாவது பருவமழைக் காலநிலை. குறுகிய வறட்சியை மிகுந்த ஆண்டு மழை ஈடுசெய்கிறதா என்பதே இச்சூத்திரம் கேட்கும் கேள்வி. சென்னைக்கு அந்த எண் சுமார் 44, 3 மி.மீ. அதை எட்டாது. எனவே எஞ்சியிருப்பவை குளிர்காலம் வறண்ட Aw, கோடை வறண்ட As ஆகிய இரண்டே.

இங்குதான் சிக்கல் எழுகிறது. மிக வறண்ட மாதமான மார்ச் குளிர் அரையாண்டில் உள்ளது. அதைக் கொண்டால் Aw. ஆனால் கோடை அரையாண்டின் ஏப்ரலும் 18 மி.மீ. மட்டுமே பெறுகிறது, 60க்குக் குறைந்த கோடை மாதம் உண்டா என்று கேட்டால் As. மேலும், சென்னையில் பெருமழை பெய்வது வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர்–டிசம்பரில்தான். அது குளிர் அரையாண்டைச் சேர்ந்தது. குளிர்காலம் வறண்டது என்று பொருள்படும் w என்னும் எழுத்து அம்மழையோடு பொருந்தாது. இந்தியப் பள்ளிப் புவியியல் நூல்கள் சோழமண்டலக் கரையை As என்று குறிப்பதற்கு இம்மழையே காரணம். As வகையைத் தனியே காட்டாமல் Aw உடன் சேர்த்துவிடும் உலக நிலப்படங்களில் அதே கரை, கோடையில் மழை பெறும் தக்காணத்தின் நிறத்தையே பெறுகிறது.

வால்ட்டரின் விதிப்படி பார்த்தால் குழப்பம் விலகுகிறது. ஜனவரி முதல் மே வரையுள்ள ஐந்து மாதங்களிலும் மழை, வெப்பநிலையின் இருமடங்குக்குக் குறைவு. மே மாதத்தில் 66 தேவை, கிடைப்பது 50. ஜூனில் 64 தேவை, கிடைப்பது 75. அதாவது சென்னையின் வறண்ட காலம் குளிர்காலத்தின் பிற்பகுதியில் தொடங்கிக் கோடையின் நடுவில் முடிகிறது. மார்ச் இறுதியில் ஆண்டை இரண்டாக வெட்டும் முறை அந்த ஒரே வறட்சியையும் இரண்டாக வெட்டிவிடுகிறது. எழுத்து மாறுவது அதனால்தான்.

## எல்லைகளின் வரம்பு

எல்லைக்கோட்டின் அருகிலுள்ள இடங்களில் சிறு வேறுபாடும் வகையை மாற்றும். ஆண்டுச் சராசரி 29 பாகையும் 650 மி.மீ. மழையும் கொண்ட ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அதன் மழையில் 70 விழுக்காடு குளிர் அரையாண்டில் பெய்தால் எல்லை 580 மி.மீ.; அவ்வூர் A பிரிவில் நிற்கும். அப்பங்கு 69 ஆனால் எல்லை 720 மி.மீ.; அவ்வூர் வறள் புல்வெளியாகிவிடும். நிலத்திலோ அங்கு ஒன்றும் மாறியிருக்காது.

இரண்டாவது வரம்பு சராசரியிலேயே உள்ளது. சென்னையின் நவம்பர்ப் பட்டை 377 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஆனால் 2015 நவம்பரில் அங்கு 1,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகளும் உண்டு. முப்பதாண்டுச் சராசரி இவ்விரண்டையும் ஒரே பட்டைக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே காலநிலை வரைபடத்தைக் கொண்டு ஓர் இடத்தில் இயல்பாக என்ன வளரும், எந்த மாதங்களில் நீர் குறையும் என்று சொல்லலாம். வெள்ளத்தையோ பஞ்சத்தையோ கணிக்க அது போதாது. அதற்கு ஆண்டுவாரியான மழைப் பதிவுகளையே நாட வேண்டும்.