பதிவேட்டுக்கு வராத வன்முறை: இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்குகளின் முரண்

இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைப் பதிவேடுகளின்படி 2014க்கும் 2018க்கும் இடையில் வன்முறைக் குற்றங்கள் இரு மடங்குக்கும் மேல் பெருகின. அதே ஆண்டுகளில் அங்கு வீடுவீடாக நடத்தப்படும் குற்றக் கணக்கெடுப்போ வன்முறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. இரண்டையும் வெளியிட்டது ஒரே தேசியப் புள்ளியியல் அலுவலகம். இவற்றில் ஒன்று உண்மை, மற்றது பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். பதிவாகாத குற்றத்தை, அதாவது குற்றவியலார் ‘இருண்ட எண்ணிக்கை’ என்று குறிப்பதை, எங்கோ மறைந்துகிடக்கும் ஒரே அளவாகக் கருதுவதால் வரும் தோற்றம் அது. ஒவ்வொரு கணக்கும் தன் எண்ணும் முறையாலேயே தனக்கென ஓர் இருளை உண்டாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காவல்துறைக் கணக்கு. ஒரு சம்பவம் அதில் இடம்பெற வேண்டுமானால் யாராவது புகார் செய்ய வேண்டும். கேட்ட காவலர் அதைக் குற்றமாகப் பதிய வேண்டும். முதல் படியிலேயே பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. கார் களவு போனால் காப்பீட்டுத் தொகை பெறவாவது மக்கள் காவல்துறையிடம் போகிறார்கள். வீட்டுக்குள் விழுந்த அடிக்கு அப்படியொரு தூண்டுதல் இல்லை. இரண்டாம் படியில் நிகழும் இழப்பு 2014இல்தான் முழுமையாக வெளிப்பட்டது. புகார் செய்யப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை என்று காவல்துறைக் கண்காணிப்பகம் அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. வன்முறைக் குற்றங்களில் இது 33 விழுக்காடு, பாலியல் குற்றங்களில் 26. துணிந்து வந்து சொன்னவர்களின் பேச்சே ஏட்டில் ஏறவில்லை என்பதால், இவை வெறும் கணக்குப் பிழைகள் அல்ல. அவ்வாண்டு ஜனவரியிலேயே புள்ளியியல் ஆணையம் காவல்துறைக் குற்றக் கணக்கிலிருந்து ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியைப் பறித்திருந்தது. அதன்பின் காவல் நிலையங்கள் ஒழுங்காகப் பதியத் தொடங்கின, எண்ணும் ஏறியது. தீய நோக்குடன் அனுப்பும் செய்திகள் போன்ற சில குற்றங்களும் இக்காலத்தில் வன்முறைப் பிரிவில் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்த உயர்வில் பெரும்பங்கு எழுதுகோலுக்கு உரியது.

அப்படியானால் கணக்கெடுப்பை நம்பிவிடலாமா? 1982இல் தொடங்கிய அது, மக்களிடம் கடந்த ஓராண்டில் நேர்ந்ததை நேரடியாகக் கேட்கிறது. புகார் செய்தார்களா என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அதன் வலிமை இதுவே. ஆனால் அது வீடுகளில் வாழ்பவர்களையே கேட்கிறது. தெருவில் உறங்குபவர்கள், விடுதிகளிலும் சிறைகளிலும் இருப்பவர்கள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். கொலையுண்டவர் பதில் சொல்ல முடியாது.

இவற்றைவிட என்னை உறுத்துவது ஓர் உச்சவரம்பு. ஒருவருக்கு ஒரே ஆளால், ஒரே சூழலில் திரும்பத்திரும்ப நேர்ந்தவற்றை ஒரு தொடராகக் கொண்டு, எத்தனை முறை நடந்திருந்தாலும் ஐந்தாகவே எண்ணினார்கள். ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை கணவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நடந்தவை பன்னிரண்டு. கணக்கெடுப்பில் ஐந்து, அதுவும் அவள் வாய்திறந்தால். ஒருமுறை மட்டும் போலீசை அழைத்து, வந்தவர் ‘குடும்பத் தகராறு’ என்று முடித்துவிட்டால் காவல்துறைக் கணக்கில் சுழி. 2014க்குப் பின் கண்டிப்பாகப் பதிந்தால் ஒன்று. அவள் வாழ்க்கையில் எதுவும் மாறாமலே ஒரு கணக்கில் குற்றம் ‘உயர்கிறது’, மற்றதில் அசையாமல் நிற்கிறது.

அரிதான சில மிகப்பெரிய பதில்கள் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பீட்டை ஆட்டிவிடும் என்பதே வரம்புக்குச் சொன்ன காரணம். புள்ளியியல் நோக்கில் அது பொருளற்றதல்ல. ஆயினும் சமூகவியலாளர் சில்வியா வால்பியும் உடன் ஆய்வாளர்களும் வரம்பை நீக்கிக் கணக்கிட்டபோது வன்முறைக் குற்றங்கள் சுமார் 60 விழுக்காடு கூடின. பெண்களுக்கு எதிரானவை சுமார் 70. நிலையான ஒரு கோட்டைப் பெறுவதற்குக் கொடுத்த விலை, மிக அதிகம் அடிபட்டவர்களின் அனுபவமே. 2019இல் வரம்பு உயர்த்தப்பட்டது, முற்றாக நீங்கவில்லை.

இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூன்றாவதைத் தேட வேண்டும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வன்முறைக் காயங்களோடு வருபவர்களை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். காவல்துறை எண் இரட்டித்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை உயரவில்லை. எனவே பொதுவான வன்முறையின் போக்கைப் பொறுத்தவரை கணக்கெடுப்பின் பக்கமே சான்று வலுவாக இருக்கிறது.

கத்திக்குத்தில் நிலைமை வேறு. 2014க்குப் பின் கத்திக் குற்றங்கள் கூடியதாகக் காவல்துறை சொன்னது. கூர்மையான ஆயுதங்களால் தாக்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களும் கூடினார்கள். கணக்கெடுப்பில் அது தெரியவில்லை. அன்று சுமார் 35,000 பேரைக் கேட்ட அக்கணக்கெடுப்பில் கத்திக்குத்துக்கு ஆளானவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே அகப்படுவார்கள். அதிலும் இக்குற்றம் ஒருசில நகரப்பகுதிகளின் இளைஞர்களிடையே குவிந்திருக்கிறது. இங்கே, 2014இல் தகுதி பறிக்கப்பட்ட அதே காவல்துறைப் பதிவேடுதான் மெய்யான உயர்வைக் காட்டியது.