நிலையும் கதவும்: மரக் கணக்கு வளர்ந்த விதம்

ஒரு வாசலுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்ற வினா வீடு கட்டுகிற எவருக்கும் எழுவதே. ஆயினும் அதற்கு விடையாகச் சொல்லப்படும் எண் காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்திருக்கிறது. அதற்குக் காரணம், கணக்கிடுவோர் எந்த நிலையிலுள்ள மரத்தை அளக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே வந்ததுதான்.

மயமதம், மானசாரம் முதலிய சிற்ப சாஸ்திரங்கள் எட்டு யவையை ஓர் அங்குலமாகவும், 24 அங்குலத்தை ஒரு முழமாகவும் கொண்டு, வாயிலின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பிரமாணத்தையும், ஆயாதிப் பொருத்தத்தையும் நிர்ணயிப்பதிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்துகின்றன. அங்கே அளவு என்பது நீளமே; கன அளவன்று. வீட்டுக்காரர் தம் தோட்டத்து மரத்தையே வெட்டிக் கொடுத்து, தச்சருக்குக் கூலியோ நெல்லோ அளந்த காலத்தில், சீவலாகவும் தூளாகவும் போன பகுதிக்கு எவரும் விலை கேட்க வேண்டிய அவசியம் இருந்திராது.

மரம் தொலைவிலிருந்து விலைக்கு வரத் தொடங்கியபோதுதான் கன அளவு முதன்மை பெற்றது. 1840-களில் மலபார்க் கலெக்டராயிருந்த கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்; 1856-இல் சென்னை மாகாணத்தில் கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலராக அமர்ந்தார்; 1852-இல் ரங்கூன் ஆங்கிலேயர் வசமான பிறகு பர்மாத் தேக்கு கடல்வழியே பெருகி வந்து செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களாகவும் கதவுகளாகவும் அமைந்தது. இவ்வியாபாரத்தோடு கூடவே உருட்டு மரத்தை அளக்கும் ஹாப்பஸ் முறையும் இங்கே வேரூன்றியது. எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் 1736-இல் வெளியிட்ட அளவை நூலில் விளக்கிய அம்முறையின்படி, மரத்தின் நடுவில் நூல் சுற்றி, அச்சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை இக்கணக்கில் சரியாக 10 கன அடி ஆகும்.

வட்டத்தின் உண்மையான பரப்பைக் கொண்டு பார்த்தால் அதே கட்டை ஏறக்குறைய 12¾ கன அடி இருக்கும். ஆகவே வாங்குவோனுக்கு இலாபம் போலத் தோன்றும். ஆனால் அக்கட்டையிலிருந்து நான்கு பக்கமும் சதுரித்து எடுக்கக்கூடிய முழு உத்தரம் 8.1 கன அடிதான். பில்லில் கண்ட 10 அடிக்கு 8 அடி என்ற இவ்விகிதம் கட்டை முழு உருண்டையாகவும், நேராகவும், வெள்ளை குறைவாகவும் இருந்தால் மட்டுமே கைகூடும். வைரம் சிறுத்து வெள்ளை பருத்த இளமரத்தில் அதுவும் குறையும். வாங்கும்போது கட்டையின் நுனி முகத்தைப் பார்த்து, நடுவிலுள்ள கருமையான வைரத்தின் குறுக்களவை மட்டும் அளந்து பார்ப்பது நல்ல மேஸ்திரிகளின் வழக்கம்.

1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனமும், பொதுப்பணித் துறையும் எஸ்டிமேட் எழுதும் கலையை ஒரு கிரமத்துக்குக் கொண்டுவந்தன. அங்கத்தை அங்கமாகப் பிரித்து, எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் என்று பத்திபத்தியாக எழுதிப் பெருக்கும் முறை அது. உதாரணமாக, 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் உள்ள ஒரு நிலையை 4 × 3 அங்குலச் சட்டத்தில் செய்வதாகக் கொள்வோம். இரண்டு நிலைக்கால்கள் 14 அடி. மேற்கட்டையும் கீழ்ப்படியும் சுவருக்குள் இருபுறமும் அரையடி நீள்வதால் ஒவ்வொன்றும் 4½ அடி, ஆக 9 அடி. மொத்தம் 23 அடி. 4 × 3 அங்குல வெட்டுமுகத்தில் 12 அடி நீளம் ஒரு கன அடியாதலால், நிலைக்கு 1.92 கன அடி. நிலைக்காலின் நீளத்திலிருந்து மேற்கட்டையின் கனத்தைக் கழிக்கலாகாது. கழுந்து அக்கட்டையை ஊடுருவிச் செல்வதால் அந்த மரமும் செலவாகிறது. புதிதாக எஸ்டிமேட் எழுதுவோர் வழுவும் இடம் இது.

இந்நிலைக்கு ஒற்றைக் கதவு போட்டால், காடியில் அமரும் அரையங்குலத்தையும் சேர்த்து அதன் அளவு 79 × 37 அங்குலம். ஒன்றரை அங்குலக் கனத்தில் இரண்டு நெடுஞ்சட்டம், மூன்று குறுக்குச் சட்டம், முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு பேனல் பலகை என்று கூட்டினால் 1.95 கன அடி வருகிறது. பருமனாகக் காணும் நிலையும் மெல்லியதாகக் காணும் கதவும் ஏறக்குறைய ஒரே அளவு மரத்தை விழுங்குவது பலருக்கு வியப்பளிக்கும்.

மேற்கண்ட அளவு இழைப்புளி ஓடி முடிந்த பின் உள்ள அளவு. இழைப்பதற்கு முகத்துக்கு அரைக்கால் அங்குலம் விட்டு அறுத்தால், 4 × 3 சட்டம் 4¼ × 3¼ ஆக இருந்தாக வேண்டும்; அப்போது நிலைக்கு 1.92 என்பது 2.2 ஆகிறது. கதவிலோ முக்கால் அங்குலப் பலகை முழு அங்குலமாகவும், ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றேமுக்காலாகவும் தொடங்க வேண்டியிருப்பதால் 1.95 என்பது 2.48 ஆகிவிடுகிறது. நிலையில் நூற்றுக்குப் பதினைந்து ஏற்றம், கதவில் இருபத்தேழு. மரம் மெலிய மெலியச் சேதத்தின் விகிதம் கூடுகிறது என்ற இந்த உண்மையைக் கருதாமல், இரண்டுக்கும் ஒரே சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்த 4.7 கன அடியை உருட்டுக் கட்டையிலிருந்து எடுக்க, முன்சொன்ன எட்டுக்குப் பத்து விகிதப்படி ஹாப்பஸ் கணக்கில் ஏறக்குறைய 6 கன அடி வேண்டும். வாளின் தடம் தின்னும் தூள் இதற்கு மேல்.

நிலையின் அங்கங்களும் மாறின. மண்சுவரிலும் சுண்ணாம்புக் கட்டடத்திலும் நிலையைப் பிடித்து நிறுத்தியவை மேற்கட்டை, படி ஆகியவற்றின் நீட்சிகளே. சிமெண்டும் இரும்பு ஹோல்ட்பாஸ்டும் வந்தபின் அந்நீட்சிக்கு வேலை இல்லாமற் போயிற்று. வழவழப்பான தளங்கள் பரவியபோது தட்டுப்படும் கீழ்ப்படியும் பல அறைகளில் மறைந்தது. நீட்சியும் படியும் இல்லாத அதே நிலைக்கு 17½ அடி மரம் போதும். கால் பங்குக்குச் சற்றே குறைவான மிச்சம் இது. ஜன்னலில் இந்த மிச்சம் அவ்வளவு எளிதன்று: 4 × 3 அடி ஜன்னலுக்கு நான்கு புறமும் சட்டம் வேண்டும், நடுக்காலும் வேண்டும், ஆகவே நீட்சியை விட்டாலும் 18 அடி, அதாவது 1½ கன அடி ஆகிவிடும். வாசலில் பாதிக்கும் குறைந்த பரப்புடைய ஜன்னலுக்கு வாசல் நிலையளவு மரம் செல்வதன் காரணம் இதுவே.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் அளவை புகுந்தது. அலுவலகத்தில் 4 × 3 அங்குலம் 100 × 75 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்டது. எழுதும்போதே நூற்றுக்கு மூன்று பங்கு மரம் ஓசையின்றிக் குறைந்தது. அலுவலகக் கணக்கு கன மீட்டருக்கு மாறியும் மரக்கடை விலை பெரும்பாலும் கன அடியிலேயே நின்றதால், 35.3-ஆல் பெருக்கி இரண்டையும் இணைக்கும் வேலை நீடித்தது.

எஸ்டிமேட் எழுதுவோர் கன அளவுப் பத்தியின் தலைப்பிலேயே அது இழைத்த அளவா, அறுத்த அளவா, உருட்டுக் கட்டை அளவா என்று ஒரு சொல் குறித்துவிட வேண்டும். மேற்கண்ட ஒரே வாசலுக்கு 3.9, 4.7, 6 என்ற மூன்று எண்களும் சரியானவையே. எது எதைக் குறிக்கிறது என்று எழுதாத தாளைக் கொண்டு மரம் வாங்கப் போவது தகாது.