பிட்பலகையின் வரலாறு: சதுரங்க நிரல்களில் கோட்டையின் பாதையும் 64 பிட்டுகளும்

முன்னுரை

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. இன்றைய கணினிச் செயலியின் ஒரு சொல்லில் 64 பிட்டுகள் உள்ளன. ஒரு கட்டத்திற்கு ஒரு பிட் என வகுத்து, காய் இருக்குமிடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என எழுதினால், வெள்ளைக் காலாட்கள் அனைத்தும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். இவ்வெண்ணே பிட்பலகை எனப்படுகிறது. சொல்லின் அகலம் 64 பிட்டாக வளர்ந்ததே இம்முறையின் வெற்றிக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. தடைபடும்வரை நெடுந்தூரம் செல்லும் கோட்டை, அமைச்சர் ஆகிய காய்களின் பாதையை விரைந்து கணிக்கும் வழி கிடைத்ததே மெய்யான திருப்பம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடக்கம்

இவ்வெண்ணம் சதுரங்கத்திற்கு முன்னரே டிராட்ஸ் ஆட்டத்தில் தோன்றியது. அவ்வாட்டத்தில் பயன்படும் கட்டங்கள் 32 மட்டுமே. கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி 1952இல் விளக்கிய டிராட்ஸ் நிரல், ஆட்டநிலையை 32 பிட் எண்களாகவே குறித்தது. பின்னர் மாஸ்கோவில் உருவாகி, 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற ‘கைஸ்ஸா’ நிரலும், அமெரிக்காவின் ‘செஸ் 4’ வரிசை நிரல்களும் பிட்பலகையைக் கையாண்டன. ‘செஸ் 4’ இயங்கிய சி.டி.சி. கணினியின் சொல் 60 பிட் கொண்டது. ஒரு பலகை அதில் முழுமையாக அடங்கவில்லை. எனினும் முறை கைவிடப்படவில்லை. ஆகவே, அகலக் குறைவு ஓர் இடையூறு மட்டுமே, தடை அன்று.

கோட்டையின் சிக்கல்

குதிரை, அரசன் ஆகியவற்றின் தாக்குதல் கட்டங்கள் பிற காய்களால் மாறுவதில்லை; எனவே கட்டத்திற்கு ஒன்றாக 64 எண்களை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கோட்டைக்கு இது போதாது. வழியில் நிற்கும் காய் எதுவோ அதுவே அதன் எல்லையைத் தீர்மானிக்கிறது.

ஒரு திசைக்கு எளிய கழித்தலே விடை தரும். a1 கட்டத்தை முதல் பிட்டாகக் கொள்வோம். a1இல் கோட்டை, e1இல் அரசன். முதல் வரிசையில் வேறு காய் இல்லை. நிரம்பிய கட்டங்களின் எண் `o` = 17; கோட்டையின் எண் `r` = 1.

```
o       = 17 = 10001
o - 2r  = 15 = 01111
o ^ (o - 2r) = 11110
```

விடையில் b1, c1, d1, e1 ஆகிய நான்கும் கிடைக்கின்றன. e1இல் இருப்பது தன் காய் என்பதால் அது பின்னர் நீக்கப்படும். கழித்தலின் கடன் தடைக்காயில் சென்று நிற்பதே இதன் நுட்பம். ஆனால் கடன் உயர் பிட்டுகளை நோக்கி மட்டுமே செல்லும். எதிர்த்திசைக்குப் பலகையைத் திருப்ப வேண்டும்.

1990களில் ராபர்ட் ஹயாட் தம் ‘கிராஃப்டி’ நிரலில் திருப்பிய பலகைகளைக் கையாண்டார். நெடுவரிசைகளும் மூலைவிட்டங்களும் அடுத்தடுத்த பிட்டுகளாக அமையும்படி நிரம்பிய கட்டங்களின் படிகள் தனியே வைக்கப்பட்டன. ஒவ்வொரு நகர்விலும் அவற்றையெல்லாம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

பெருக்கலால் கிடைத்த தீர்வு

2006இல் லாசெ ஹான்சன் முன்வைத்து, 2007இல் பிரத்யும்ன கண்ணன் தம் கட்டுரையில் விரித்துரைத்த ‘மாய எண்’ முறை இப்படிகளைத் தேவையற்றதாக்கியது. a1 கோட்டைக்குத் தடையாக அமையக்கூடிய கட்டங்கள் 12: b1 முதல் g1 வரை ஆறு, a2 முதல் a7 வரை ஆறு. ஓரக் கட்டத்தில் காய் இருப்பினும் இல்லாவிடினும் கோட்டை அதனை எட்டும். ஆதலால் அது கணக்கில் வாராது. பன்னிரண்டுக்கும் 4096 நிலைகள் உண்டு.

```
index = ((o & mask) * magic) >> 52;
```

பெருக்கல், சிதறிக் கிடக்கும் 12 பிட்டுகளின் செய்தியை மேற்புறம் திரட்டுகிறது. நகர்த்தல் அதனை 0 முதல் 4095 வரையான அட்டவணை எண்ணாக்குகிறது. வேறுபட்ட தாக்குதல்களைத் தரும் இரு நிலைகள் ஒரே எண்ணைப் பெறலாகாது. ஒரே தாக்குதலைத் தருவன பெறலாம். தகுந்த பெருக்கெண்ணைச் சமவாய்ப்பு எண்களை இட்டுச் சோதித்தே கண்டறிவர். கட்டத்திற்கேற்ப அளவிட்டால், கோட்டைக்கான அட்டவணைகளில் மொத்தம் 1,02,400 பதிவுகள் அமையும். இடம் 800 கிலோபைட். விரைவுக்கு நினைவகமே விலையாகிறது.

பிழையும் சோதனையும்

பிட்பலகைக்கு விளிம்பு தெரியாது. g1 குதிரையை 10 பிட் நகர்த்தினால் அது வலப்புறம் பலகையைக் கடந்து a3இல் தோன்றும். h, g நெடுவரிசைகளை மறைக்கத் தவறிய நிரலுக்குத் தொடக்க நிலையில் 21 நகர்வுகள் கிடைக்கும். சரியான எண் 20. இதனால்தான் நகர்வுகளை எண்ணிச் சரிபார்க்கும் ‘பெர்ஃப்ட்’ சோதனை இன்றியமையாததாயிற்று. தொடக்க நிலையிலிருந்து அடுத்தடுத்த ஆழங்களுக்கு 20, 400, 8902, 1,97,281 என்ற எண்கள் வரவேண்டும்.

முடிவுரை

அகன்ற சொல் பிட்பலகைக்கு இடமளித்தது. அதனை விரைவாக்கியதோ கோட்டையின் பாதையை ஒரு பெருக்கலிலும் ஓர் அட்டவணைத் தேடலிலும் அடக்கிய முறையே. ஸ்ட்ராச்சியின் ஆட்டத்தில் தடைபடும்வரை நெடுந்தூரம் செல்லும் காய் இல்லை. ஆகவே அவருக்கு 32 பிட்டுகளே போதுமானவையாயின. சதுரங்கத்திற்கோ, 64 பிட்டுகள் கிடைத்த பின்னும் அப்பெருக்கல் தேவைப்பட்டது.