திண்டுக்கல் பூட்டு வெளிநாடு போகணுமா? இன்வாய்ஸில் எழுதக் கூடாத ஒரு வார்த்தை!

இன்ஸ்டாகிராமில் நீங்க போட்ட பித்தளை மாங்காய்ப் பூட்டு போட்டோவைப் பார்த்துட்டு, நியூஜெர்சியில இருந்து ஒருத்தர் ரெண்டு பூட்டு வேணும்னு கேட்கிறார். பணமும் அனுப்பிட்டார். நாகல்நகர் பட்டறையில பூட்டு வாங்கி, பபுள் கவர் சுத்தி, பெட்டியும் ரெடி. அடுத்து பெட்டியோட போற கமர்ஷியல் இன்வாய்ஸை நிரப்பணும். அதில் பொருளின் பெயர் கேட்கிற இடத்தில, இன்ஸ்டாவில் எழுதின மாதிரியே 'ஆன்டிக் பிராஸ் லாக்' என்று எழுதிட்டீங்கன்னா, பார்சல் அங்கேயே நின்னுடலாம்.

காரணம் இதுதான். நமக்கு 'ஆன்டிக்' என்றால் பழைய லுக்கில் இருக்கும் பாலிஷ். கஸ்டம்ஸுக்கு அது சட்டச் சொல். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருட்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போன மாசம் செய்த பூட்டுதான் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்கேனரில் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் கேட்டால், ரெண்டு பூட்டுக்காக நீங்க அலையணும்.

வெறுமனே 'லாக்', 'ஹேண்டிகிராஃப்ட்', 'கிஃப்ட் ஐட்டம்' என்று எழுதுவதும் ஆகாது. பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்குன்னு புரியணும். என்ன பொருள், எந்த உலோகம், எதுக்குப் பயன்படுது, புதுசா, எத்தனை என்ற அஞ்சு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் இருந்தால் போதும். இப்படி:

```
Brass padlock with 2 keys, for doors,
new, handmade in 2025 - 2 pcs
HS code: 83011000
Country of origin: India
```

இப்போ அந்த நம்பருக்கு வருவோம். உலகம் முழுக்கப் பொருட்களை வகைப்படுத்தும் ஹெச்.எஸ் கோடில் முதல் ஆறு இலக்கம் பெரும்பாலான நாடுகளுக்கும் பொது. அதுக்குப் பின்னாடி வர்றது நாட்டுக்கு நாடு மாறும். நம்ம ஊரில் மொத்தம் எட்டு, அமெரிக்காவில் பத்து. உங்க ஜி.எஸ்.டி பில்லில் ஹெச்.எஸ்.என் என்று இருப்பதும் இதே குடும்பம்தான். ஆனா உள்ளூர் பில்லில் நாலு இலக்கம் மட்டும் போட்டுப் பழகினவங்க, ஏற்றுமதிக்கு எட்டும் போடணும்.

8301 என்ற தலைப்பில் சாதாரண உலோகத்தில் செய்த எல்லாப் பூட்டும் அடங்கும். பித்தளையும் இரும்பும் இங்கேதான் வரும். பிரிவது அதுக்கப்புறம். தொங்கவிடுற பூட்டு 8301.10. பீரோ, மேஜை மாதிரி மரச்சாமான்ல பதிக்கிறது 8301.30. கதவிலேயே பதிக்கிற பூட்டு 8301.40. மாங்காய்ப் பூட்டை வாசக்கதவுல மாட்டினாலும், அது தொங்குற பூட்டுதான், 8301.10-லதான் போடணும். கூடவே போற சாவிக்குத் தனி கோடு வேண்டாம். சாவியை மட்டும் தனியா வித்தா 8301.70.

அடுத்து விலை. ஒரு பூட்டு 30 டாலர், ரெண்டுக்கு 60; அனுப்பும் செலவு 35 என்று வைங்க. 95 என்று மொத்தமாப் போடாம, 60-ஐயும் 35-ஐயும் தனித்தனி வரியில் எழுதுங்க. அமெரிக்கா வரி போடும்போது சர்வதேச அனுப்பும் செலவைச் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் சேர்க்கும். பிரிச்சு எழுதலைன்னா 95-க்கும் வரி விழும், கஸ்டமர் உங்களைத்தான் திட்டுவார்.

'கிஃப்ட்னு போட்டு அஞ்சு டாலர்னு எழுதிடுங்க' என்று கஸ்டமரே கேட்பார். செய்யாதீங்க. பணம் வாங்கினது பேங்க்கில் இருக்கு, அதனால அது விற்பனைதான். பார்சல் தொலைஞ்சாலும் எழுதின அஞ்சு டாலரைத் தாண்டி இழப்பீடு கேட்க முடியாது. முன்னாடி 800 டாலர் வரைக்குமான பார்சல் அமெரிக்காவுக்குள் வரி இல்லாமப் போச்சு. 2025 ஆகஸ்ட் 29-ல் இருந்து அந்தச் சலுகை எந்த நாட்டுக்கும் கிடையாது. அதனால வரியை யார் கட்டுறதுன்னு ஆர்டர் எடுக்கும்போதே பேசி, இன்வாய்ஸிலும் எழுதிடுங்க.

இதெல்லாம் செய்ய ஐ.இ.சி நம்பர் வேணும். டி.ஜி.எஃப்.டி தளத்தில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். உங்க பான் நம்பரேதான் அது. தபாலில் அனுப்பினா, 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' வசதி உள்ள அஞ்சலகம் வழியா ஏற்றுமதி பில்லை ஆன்லைனிலேயே போடலாம். அதில் நீங்க தட்டுற விவரம், கோடு, விலை மூணும் பெட்டிமேல ஒட்டின இன்வாய்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஒண்ணுல 'பிராஸ்', இன்னொண்ணுல 'மெட்டல்' என்று இருந்தாலே கேள்வி வரும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சதை எழுதணும்னு ஆசையா இருக்கும். அதை பெட்டிக்குள்ள ஒரு சின்ன கார்டுல எழுதி வைங்க. 'ஆன்டிக் ஃபினிஷ்' என்பதையும் அங்கேயே எழுதிக்கலாம்.