எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

எழுபதுகளின் இறுதியில் நான் இரவுப் பணியில் இருந்தபோது வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்க்கையில் ஒரு பிழை செய்தேன். பொலிஸாரால் தடுத்து வைக்கப்பட்ட மாணவர் பற்றிய இரண்டு வரிச் செய்தி அது. ரெலிபிரின்டரில் வந்த தாளில் STUDENTSS PARENTS என்று இருந்தது. ஓர் எஸ் அதிகமாக விழுந்துவிட்டது என்று எண்ணி, "மாணவனின் பெற்றோர் பொலிஸ் நிலையத்தில் காத்திருக்கின்றனர்" என எழுதிக் கொடுத்தேன். தடுத்து வைக்கப்பட்டவர்கள் மூவர் என்பது மறுநாள் வந்த விரிவான செய்தியில் தெரிந்தது. மூன்று வீடுகளின் துயரத்தை நான் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டிருந்தேன்.

செய்தி ஆசிரியர் கோபிக்கவில்லை. அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலே ஒரு பிள்ளையோ, கன பிள்ளைகளோ எண்டு உமக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தாளிலும் பதில் இருக்கவில்லை என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

ரெலிபிரின்டர் ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து மின் துடிப்புகளாக அனுப்பியது. ஐந்து துடிப்புகளால் 32 சேர்க்கைகளே கிடைக்கும். எழுத்துகள், இலக்கங்கள், குறிகள் அனைத்துக்கும் அது போதாது. ஆகவே ஒரே சேர்க்கைக்கு இரண்டு பொருள்கள் கொடுத்து, இப்பொழுது வருவது எழுத்தா குறியா என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் மாற்றுக் கட்டளை ஒன்றை வைத்திருந்தனர். சர்வதேசக் குறியீட்டில் எஸ் எழுத்துக்கும், ஆங்கிலத்தார் அபொஸ்ட்ரொபி என்று கூறும் அந்த மேல்தொங்கு குறிக்கும் ஒரே சேர்க்கைதான் ஒதுக்கப்பட்டிருந்தது. வழியில் ஏற்பட்ட இரைச்சலில் மாற்றுக் கட்டளை தொலைந்துபோனால், குறி விழவேண்டிய இடத்தில் எஸ் விழும். student's என அனுப்பினாலும், students' என அனுப்பினாலும் இந்தப் பக்கத்தில் STUDENTSS என்றுதான் வந்து சேரும். ஒருவரா பலரா என்ற ஒரே தகவலைச் சுமந்து வந்த குறி, தனக்கு அடுத்திருந்த எழுத்தின் உருவத்தையே எடுத்துக்கொண்டுவிடும்.

இயந்திரத்தைக் குறை கூறுவதிலும் முழு நியாயமில்லை. தொலைபேசியில் செய்தி சொல்லும் நிருபருக்கும் இதே சங்கடம் இருந்தது. boy's room என்றால் ஒரு பையனின் அறை. boys' room என்றால் பல பையன்களின் அறை. எழுத்தில் வேறுபாடு தெளிவு. வாயால் சொல்லிப் பாருங்கள்: இரண்டும் ஒரே ஒலி. குறியே இல்லாத வெறும் பன்மையும் அதே ஒலிதான். ஆங்கில உடைமைக் குறி கண்ணுக்கு மாத்திரம் உரியது, காதுக்கு அதனிடம் ஒன்றும் இல்லை. தமிழில் 'மாணவனின்' என்பதும் 'மாணவர்களின்' என்பதும் கேட்டவுடனே பிரிந்து நிற்கும். ஆதலால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவன், மூலத்தில் ஒலிக்காத ஒன்றைத் தமிழில் ஒலிக்கச் செய்தே ஆகவேண்டும்.

ஒரு மொழி இப்படியொரு ஊமைக் குறியை ஏன் ஏற்றுக்கொண்டது? பழைய ஆங்கிலத்தில் அந்தக் குறி இல்லை. நமது ஆறாம் வேற்றுமை உருபு போல அங்கும் பெயர்ச்சொல்லின் இறுதியில் விகுதிகள் சேர்ந்தன. ஆண்பால் பெயர்கள் பலவற்றுக்கு ஒருமையில் 'எஸ்' என ஒலிக்கும், உயிரும் மெய்யும் கொண்ட ஈரெழுத்து விகுதி இருந்தது. பன்மைக்கு வேறு விகுதி. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன. ஈரெழுத்து விகுதி ஏனையவற்றை விழுங்கிப் பரவியது. பின்னர் அதன் உயிரெழுத்தும் பெரும்பாலான சொற்களில் உச்சரிப்பிலிருந்து மறைந்து, மெய் மட்டும் எஞ்சியது. பன்மை விகுதியும் அதே வழியில் தேய்ந்து அதே மெய்யில் வந்து நின்றது. குழப்பத்தின் வேர் இதுதான்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கில அச்சுக்கூடத்தார் பிரெஞ்சு நூல்களைப் பார்த்து மேல்தொங்கு குறியை எடுத்துக்கொண்டனர். எழுத்தொன்று விடுபட்டிருக்கிறது என்பதைக் காட்டுவது மாத்திரமே அதன் முதல் வேலை. உடைமைச் சொற்களில் மறைந்துபோன உயிருக்குப் பதிலாக அதை இடலாம் என்ற வழக்கம் மெதுவாகவே வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623இல் முதன்முதலாகத் திரட்டி அச்சிடப்பட்டபோது உடைமைச் சொற்களில் பெரும்பாலானவை குறி இன்றியே நின்றன.

இதற்கிடையே சுவையான ஒரு மயக்கமும் பரவியிருந்தது. அந்த ஒற்றை எஸ், 'அவனுடைய' என்று பொருள்படும் 'ஹிஸ்' என்ற சொல்லின் சுருக்கம் என்று பலர் நம்பினர். 'அரசனின் நூல்' என்பதை 'அரசன் அவனுடைய நூல்' என்று விரித்தும் எழுதினர். பென் ஜோன்ஸன் 1605இல் அச்சிட்ட சிஜேனஸ் நாடகத்தின் தலைப்பிலும், 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலிலும் இந்த அமைப்பைக் காணலாம். ஜோசப் அடிசன் 1711இல் தமது ஸ்பெக்டேட்டர் இதழில் இதை உண்மை என்றே எழுதினார். (பத்திரிகைக்காரர் இலக்கண விதி சொல்லத் தொடங்கினால் இப்படி நேர்வது உண்டு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) சாமுவேல் ஜோன்ஸன் 1755இல் வெளியிட்ட அகராதியின் இலக்கணப் பகுதியில் இதை மறுத்தார். அது 'அவனுடைய' என்பதன் சுருக்கமானால், பெண்ணின் அழகைச் சொல்லும்போதும் அதே எஸ் எப்படி வருகிறது என்பது அவரது வாதத்தின் சாரம்.

ஒருமைக்குக் குறி நிலைத்த பின்னரும் பன்மைக்கு நெடுங்காலம் குறி இருக்கவில்லை. விடுபட்ட எழுத்துக்காகத்தானே குறி, பன்மையில் எந்த எழுத்தும் விடுபடவில்லையே என்ற தயக்கம் இலக்கணகாரரிடம் இருந்தது. எஸ்ஸுக்குப் பின்னால் குறியிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவி, அடுத்த நூற்றாண்டில் உறுதிப்பட்டது. ஆகவே boys' என்பதில் நிற்கும் குறி எதற்கும் பதிலாக நிற்கவில்லை. வாசிப்பவனுக்கு எண்ணிக்கையைச் சொல்வதற்காகவே அது வைக்கப்பட்டது. நான் அன்றிரவு தொலைத்தது அந்தக் குறியைத்தான்.

இந்த வரலாறு தெரிந்தால் குறியை இடும் இடம் பற்றிய விதியை மனனம் செய்யத் தேவையில்லை. முதலில் உடையவரை மட்டும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பையன் என்றால் boy. அதோடு குறியும் எஸ்ஸும் சேர்க்க boy's ஆகிறது. பல பையன்கள் என்றால் boys. எஸ் ஏற்கெனவே இருப்பதால் குறியை மட்டும் இறுதியில் சேர்த்தால் போதும். பிள்ளைகள் என்றால் children. இது பன்மையாயினும் எஸ்ஸில் முடியவில்லை, ஆகவே children's என்றே வரும். இந்த மூன்றாவதில்தான் பலரும் வழுக்குகின்றனர். பன்மைதானே என்று எண்ணிக் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் தள்ளிவிடுகின்றனர். அப்படி எழுதினால் உடையவர் childrens ஆகிவிடுவார். அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் ஆங்கிலப் பெயர்களில் இதற்குப் பாடம் உண்டு. யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பாடசாலையின் ஆங்கிலப் பெயரில் Girls' என எஸ்ஸுக்குப் பின் குறி நிற்கிறது. குறியை ஓரிடம் முன்னே நகர்த்தினால் அத்தனை வகுப்பறைகளும் ஒரேயொரு சிறுமிக்குக் கட்டப்பட்டவை ஆகிவிடும். கொழும்பிலோ Ladies' College என்பதில் குறி பின்னே, Bishop's College என்பதில் முன்னே. சீமாட்டிகள் பலர், ஆயர் ஒருவர்.

குறி கைவிடும் இடத்தில் 'ஒவ்' என்னும் இடைச்சொல் கைகொடுக்கும். அது பழைய ஆங்கிலச் சொல்லே. ஆயினும் நோர்மன் ஆட்சிக்குப் பின்னர், விகுதிகள் தேய்ந்த காலத்தில், பிரெஞ்சு வழக்கின் துணையுடன் உடைமை காட்டும் வேலையில் அது பெருமளவில் இறங்கியது. அதன் பெரிய நன்மை, உடையவரைக் குறிக்கும் சொல்லைத் தனியே நிறுத்திவிடுவது. 'ஒவ் த போய்' என்றால் ஒருவன், 'ஒவ் த போய்ஸ்' என்றால் பலர். தொலைபேசியிலும் கேட்கும், பழுதான ரெலிபிரின்டரிலும் தப்பும். PARENTS OF THE STUDENTS என்று அனுப்பியிருந்தால் எந்த இரைச்சலிலும் நான் மூவரை ஒருவராக்கியிருக்க மாட்டேன்.

உயிருள்ளவற்றுக்குக் குறி, உயிரற்றவற்றுக்கு 'ஒவ்' என்று பள்ளியில் கற்பித்தனர். அது பாதிதான் சரி. வீட்டின் கூரை, மேசையின் கால் என்பவற்றுக்கு 'ஒவ்' இயல்பாகப் பொருந்தும். ஆனால் இரண்டு வார விடுமுறை, இன்றைய பத்திரிகை என்று காலத்தைச் சொல்லும்போது ஆங்கிலத்தார் தயங்காமல் குறியே இடுவர். உடையவரைச் சொல்லும் தொடர் நீளும்போதுதான் 'ஒவ்' உண்மையில் அவசியமாகிறது. 'நேற்று மாலை பதவி விலகிய அமைச்சரின் வீடு' என்பதைக் குறியால் அமைக்க முயன்றால், குறி 'அமைச்சர்' என்ற சொல்லை விட்டுத் தொடரின் கடைசிச் சொல்லில் போய் ஒட்டிக்கொண்டு, பதவி விலகிய நேரத்துக்கே வீடு சொந்தமாவது போல் தோன்றும்.

செய்தி மேசையில் இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. minister's criticism என்று வந்தால் பெரும்பாலும் அமைச்சர் யாரையோ கண்டித்தார் என்று பொருள். criticism of the minister என்று வந்தால் அமைச்சரை யாரோ கண்டித்தார்கள். இரண்டையும் 'அமைச்சரின் கண்டனம்' என்று தமிழாக்கித் தலைப்பிட்டவர்களை நான் அறிவேன். முன்னையதற்கு அது பொருந்தும். பின்னையதற்கு 'அமைச்சர் மீது கண்டனம்' என்றே எழுத வேண்டும். கொலை, கைது, தோல்வி, விடுதலை போன்ற செயற்பெயர்களில் குறியே செய்தவரையும் காட்டும், செய்யப்பட்டவரையும் காட்டும். கைதுச் செய்தியில் அமைச்சர் பெயரோடு குறி வந்தால் கைதானவர் அவரே என்பதை வாசகர் சூழலால் அறிவர். கண்டனச் செய்தியில் அப்படி அறிய வழியில்லை.

அந்த இரவுக்குப் பின்னர் எமது மேசையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. இரட்டை எஸ் விழுந்த தாள் வந்தால், அதே செய்தியின் முந்தைய பகுதியைத் தேடி எடுத்து, அதில் 'அவன்' வருகிறதா, 'அவர்கள்' வருகிறதா என்று பார்ப்போம். முந்தைய பகுதி கிடைக்காவிட்டால் எண்ணிக்கையைத் தொடாமல், "தடுத்து வைக்கப்பட்டோர் தரப்புப் பெற்றோர்" என்பது போல ஏதாவது எழுதி இரவைக் கடத்துவோம். அது நல்ல தமிழ் அல்ல. செய்தி ஆசிரியரும் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுழிப்பார். ஆனால் ஒருநாளும் வெட்டியதில்லை.