மசக்கையும் அசதியும்: ஹார்மோனின் அளவா, மாற்றமா?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வரும் குமட்டலுக்கு எச்.சி.ஜி. ஹார்மோனையே பாடநூல்கள் நெடுங்காலம் காரணமாகச் சொல்லிவந்தன. காலப்பொருத்தம் அப்படி எண்ண இடம் தந்தது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், மசக்கை 5 அல்லது 6ஆவது வாரத்தில் தொடங்கி, 9ஆவது வாரத்தையொட்டி உச்சமடைந்து, பெரும்பாலோருக்கு 16ஆவது வாரத்துக்குள் தணிகிறது. எச்.சி.ஜி.யும் ஏறத்தாழ அப்படியே ஏறி இறங்குகிறது. இரட்டைக் கருவில் அது மிகுதியாகச் சுரக்கிறது, வாந்தியும் கூடுகிறது. ஆயினும் இரட்டைக் கருவில் நஞ்சுக்கொடித் திசுவே கூடுதல். அது சுரக்கும் வேறெந்தப் பொருளுக்கும் இதே பொருத்தம் அமையும். எச்.சி.ஜி. அளவு ஒன்றாக இருக்கும் இரு பெண்களில் ஒருவர் வழக்கம்போல் உண்ண, மற்றவருக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போவது ஏன் என்பதற்கும் இவ்விளக்கத்தில் விடையில்லை.

அந்த விடைக்கு ஜி.டி.எஃப்.15 என்ற புரத ஹார்மோன் வழிகாட்டியது. உடலின் செல்கள் நெருக்கடிக்கு உள்ளாகும்போது இதைச் சுரக்கும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பெருமளவில் சுரக்கிறது. இதற்கான ஏற்பி மூளைத்தண்டில், வாந்தியைத் தூண்டும் பகுதியில் இருப்பதை 2017இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. மறு ஆண்டு மார்லினா ஃபெய்சோவின் மரபணு ஆய்வு, கடுமையான கர்ப்பகால வாந்தியை இந்தப் புரதத்தின் மரபணுவோடு இணைத்தது. அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலியும் பிறரும் சேர்ந்து 2023 டிசம்பரில் வெளியிட்ட முடிவுதான் என் வாதத்துக்கு அடிப்படை: கர்ப்பத்துக்கு முன் எவர் இரத்தத்தில் ஜி.டி.எஃப்.15 குறைவாக இருந்ததோ அவருக்கே ஆபத்து அதிகம். அதாவது, எவ்வளவு ஏறுகிறது என்பதோடு, எந்த நிலையிலிருந்து ஏறுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இதற்கு வலுவான சான்று இலங்கைப் பெண்களிடமிருந்து கிடைத்தது. பீட்டா தாலசீமியா உள்ளவர்களின் உடலில் ஜி.டி.எஃப்.15 எப்போதுமே மிக உயர்வாக இருக்கும். ‘அளவே காரணம்’ என்றால் அவர்கள் மசக்கையில் மிகவும் துன்பப்பட்டிருக்க வேண்டும். மாறாக, நோயில்லாத பெண்களைவிட அவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் மிகக் குறைவாகவே இருந்தன. ஏற்கெனவே பழகிய மூளைக்கு நஞ்சுக்கொடியின் சுரப்பு புதிதாகத் தோன்றவில்லை.

எதிர்முனையையும் பார்ப்போம். ஜி.டி.எஃப்.15 வெளியேறுவதைக் குறைக்கும் அரிய மரபுத்திரிபு ஒன்று உண்டு. அது உள்ள பெண்ணின் இயல்பான அளவு தாழ்வாகவே இருக்கும். அவர் சுமக்கும் கரு தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் இயல்பான மரபணுவையே பெற்றிருந்தால், நஞ்சுக்கொடி முழு வேகத்தில் சுரக்க, பழகாத மூளை அதைத் தாங்காது. அதே பெண்ணின் அடுத்த கரு தாயின் திரிபைப் பெற்றிருந்தால் சுரப்பு குறைகிறது. வாந்தியின் கடுமையும் தணிய வாய்ப்புண்டு. ஒரே தாய்க்கு ஒவ்வொரு கர்ப்பமும் வெவ்வேறாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இத்திரிபு உள்ளவர்கள் மிகச் சிலரே. கடுமையான வாந்தி உள்ள எல்லாரையும் இதைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

அசதியை உண்டாக்கும் ஹார்மோன் வேறு, புரோஜெஸ்டிரோன். முதலில் சூலகத்தில் கருமுட்டை வெளியேறிய இடமும், ஏறத்தாழ 7 முதல் 9 வாரங்களிலிருந்து நஞ்சுக்கொடியும் இதைச் சுரக்கின்றன. உடலில் இது சிதையும்போது உண்டாகும் அலோபிரெக்னனலோன், மூளையைச் சாந்தப்படுத்தும் காபா ஏற்பியின் செயலைக் கூட்டித் தூக்கம் வரவழைக்கிறது. வாய்வழிப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பெரும்பாலும் இரவில் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். கூடவே இரத்தக்குழாய்கள் தளர்கின்றன. 8ஆவது வாரத்துக்குள் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் சுமார் 20 விழுக்காடு கூடிவிடுகிறது. வயிறு வெளியே தெரியுமுன்பே இவ்வளவு வேலை நடக்கிறது. சும்மா இருந்தே களைத்துப்போவதாக ஒரு பெண்ணைக் குறைசொல்வது அறியாமை மட்டுமன்று, அநீதியும்கூட.

புரோஜெஸ்டிரோன் பிரசவம் நெருங்கும்வரை ஏறிக்கொண்டே போகிறது. முதல் மாதங்களில் இருந்ததைப்போலப் பல மடங்காகிறது. ஆனால் பலருக்கு அசதி நான்காம் மாதத்திலேயே குறைகிறது. ஜி.டி.எஃப்.15உம் பின்னும் உயர்வாகவே இருக்க, குமட்டல் அடங்கிவிடுகிறது. இரண்டிலும் உடல் எதிர்வினை காட்டுவது திடீர் ஏற்றத்துக்கே என்று நான் கருதுகிறேன். காபா ஏற்பிகள் கர்ப்பத்தில் தம் அமைப்பை மாற்றிக்கொள்வதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதரில் அசதி தணிவதற்கு அதுவே காரணம் என்று உறுதியாக்க இன்னும் சான்று வேண்டும்.

இந்தக் காலக்கணக்கு மருத்துவரின் மேசையிலும் பயன்படும். வாந்தி 9ஆவது வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கினால் மசக்கை என்று விட்டுவிடாமல் சிறுநீர்த்தொற்று, கல்லீரல், பித்தப்பை போன்றவற்றைத் தேட வேண்டும். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, சிறுநீர் வற்றினாலோ அது சிகிச்சை தேவைப்படும் நோய். அப்போது பல வாரம் உண்ணாதவருக்கு குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தர வேண்டும். தவறினால் மூளை பாதிக்கப்படலாம். அசதி மட்டுமே உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால், பழியைப் புரோஜெஸ்டிரோன்மேல் போட்டுவிட்டு இரத்தசோகையைக் கவனிக்காமல் விடக்கூடாது.